திரும்பி வராத 3,280 படிவங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

ஒரு கல்லூரி தன் மாணவர்களிடம் நடத்திய கருத்துக்கணிப்பைப் பற்றிய செய்திக்கு '80 சதவீத மாணவர்களுக்குத் திருப்தி' என்று தலைப்பிட்டிருந்தீர்கள். படிவம் போனது 4,000 பேருக்கு, வந்தது 720, அதில் திருப்தி என்றவர்கள் 576 என்பது கடைசிப் பத்தி வரை பொறுமை காத்தவர்களுக்குத்தான் தெரிந்தது. பதில் தராத 3,280 பேரும் அதிருப்தியாளர்கள் என்றால் உண்மை விகிதம் 14.4, எல்லோரும் திருப்தியாளர்கள் என்றால் 96.4. இந்த இடைவெளிக்குள் எதுவும் இருக்கலாம்.

போதாததற்கு 'பிழை வரம்பு 3 சதவீதம்' வேறு. குலுக்கலில் 720 பேரை எடுத்து, எல்லோரும் பதில் தந்திருந்தால் அது பொருந்தும். இங்கே யாரையும் எடுக்கவில்லை, விரும்பியவர்கள் வந்தார்கள். 1936 அமெரிக்கத் தேர்தலில் லிட்டரரி டைஜஸ்ட் என்ற வார இதழ் ஏறக்குறைய ஒரு கோடி கருத்துக்கணிப்புச் சீட்டு அனுப்பி, 20 லட்சத்துக்கும் மேல் திரும்பப் பெற்று, லாண்டன் வெல்வார் என்றது. வென்றவர் ரூஸ்வெல்ட். முகவரிப் பட்டியலும் கோணல், பதில் போட்டவர்களும் ஒரு பக்கச் சாய்வு. தங்களுக்குத் தெரியாத கதையா இது?

சென்ற ஆண்டு இன்னொரு கல்லூரியின் '98 சதவீதப் பங்கேற்பை'ப் பாராட்டினீர்கள். படிவம் நிரப்பாதவர்களுக்கு மதிப்பெண் பட்டியல் தராமல் பெற்ற பங்கேற்பு அது. அப்படி வாங்கும் படிவங்களைப் புரட்டினால், முதல் கேள்வி முதல் கடைசி வரை ஒரே கட்டத்தில் டிக் அடித்தவை நிறைய இருக்கும். எதிர்மறையாக அமைத்த கேள்விக்கும் அதே டிக்! தேர்வு வாரத்தில் 60 கேள்வி அனுப்பிவிட்டு 'மாணவர்களுக்கு அக்கறையில்லை' என்று அங்கலாய்க்கும் நிர்வாகங்களின் பேட்டியையும் நீங்கள்தான் போடுகிறீர்கள்.

வழி இல்லாமல் இல்லை. கேள்விகளைப் பத்து நிமிடத்துக்குள் அடக்கி, முன்னறிவிப்பு அனுப்பி, பதில் தராதவர்களுக்கு மட்டும் இரண்டு மூன்று நினைவூட்டல் அனுப்பினால் பதில் தருவோர் விகிதம் ஏறும். யார் பதில் அனுப்பினார் என்ற பட்டியல் பதில்களோடு சேராமல் தனியே இருக்க வேண்டும். அந்த நம்பிக்கை இல்லாவிட்டால் குறை உள்ளவர்தான் முதலில் ஒதுங்குவார்.

அதற்கும் மசியாதவர்களில் 200 பேரைக் குலுக்கலில் எடுத்து, தொலைபேசியிலோ நேரிலோ முக்கியமான மூன்று கேள்விகளை மட்டும் கேட்க வேண்டும். இந்த 200 பேரில் பெரும்பாலோரிடமாவது பதில் வாங்காவிட்டால் பழைய ஓட்டையே இங்கும் விழும். அவர்களில் பாதிப் பேர்தான் திருப்தி என்றார்கள் என்று வையுங்கள். 4,000 பேரில் 18 சதவீதத்தினரிடம் 80, மீதி 82 சதவீதத்தினரிடம் 50 என்று எடையிட்டால் வருவது 55.4. எங்கே உங்கள் தலைப்பு?

எந்த ஆண்டில், எந்தத் துறையில் பதில் குறைவோ அங்கிருந்து வந்த பதில்களுக்குக் கூடுதல் எடை தந்து சரிசெய்துவிட்டதாகச் சொல்வார்கள். ஒரே வகுப்பில் பதில் தந்தவரும் தராதவரும் வேறுவேறு மனநிலையில் இருந்தால் அந்த எடை எதையும் சரிசெய்யாது.

இனி இத்தகைய செய்திகளில், எத்தனை பேருக்குப் போனது, எத்தனை பேர் பதில் தந்தார்கள் என்ற இரண்டு எண்களைத் தலைப்புக்கு அடுத்த வரியிலேயே போடுங்கள். அரை வரி இடம் போதும்.

இப்படிக்கு,
ஒரு புள்ளியியல் ஆசிரியர்