இறங்கும் இடம் மாறும்போது: வேன் ஓட்டும் அண்ணன்களுக்கு

அன்புள்ள பள்ளி வேன் ஓட்டுநர் அண்ணன்களுக்கு,

வணக்கம். பிள்ளையை வேறு இடத்தில் இறக்கிவிடச் சொல்லி பெற்றோர் அனுப்பும் செய்தி அரைகுறையாக இருந்தால், தயவுசெய்து அதை ஏற்காதீர்கள்.

"அண்ணா, நாளையிலிருந்து பாப்பாவைப் பாட்டி வீட்டுல விட்டுடுங்க" என்று இரவு பதினொரு மணிக்குக் குரல்பதிவு போட்டுவிடுகிறோம். விடிகாலையில் அதைக் கேட்கிறவருக்கு 'நாளை' எந்த நாள்? எதுவரை? அன்றைக்கு உங்களுக்குப் பதிலாக வேறொருவர் வண்டி எடுத்தால், அந்தப் பதிவு உங்கள் போனிலேயே கிடக்கும். எழுத்தில் இருந்தால் அவருக்கு அப்படியே அனுப்பிவிடலாம்.

என் மகளுக்காக நான் எழுதிய செய்தி இது. பெயரையும் எண்களையும் இங்கே எடுத்துவிட்டேன்.

"2025 ஜூலை 14 திங்கள் முதல் 18 வெள்ளி வரை, மாலை மட்டும். 2-ஆம் வகுப்பு, பி பிரிவு. பிள்ளையார் கோயில் முனைக்குப் பதிலாக நூலகத்துக்கு எதிரே உள்ள மருந்துக்கடை வாசலில் இறக்கவும். அழைத்துப்போக வருபவர் அம்மாவைப் பெற்ற தாத்தா. அவர் எண், என் எண் இரண்டும் கீழே. 21 திங்கள் முதல் பழையபடி கோயில் முனை."

'மாலை மட்டும்' என்று எழுதாவிட்டால் காலையிலும் வண்டி மருந்துக்கடைக்குப் போய் நிற்கும். நூலக வாசலைச் சொல்லாததற்கும் காரணம் உண்டு. மாலையில் பள்ளியிலிருந்து வரும் வேனுக்கு நூலகம் வலப்பக்கம். இடப்பக்கக் கதவு வழியே இறங்கும் குழந்தை சாலையைக் கடக்க வேண்டியிருக்கும். மருந்துக்கடை இடப்பக்கமே இருக்கிறது. அங்கே வண்டியை ஓரங்கட்ட முடியாது என்றால் தயங்காமல் சொல்லுங்கள், வேறு இடம் பார்க்கிறோம்.

தாத்தா வரவில்லையா? குழந்தையை இறக்க வேண்டாம். கடைக்காரர் தெரிந்தவர்தான், ஆனாலும் அவரிடம் விட வேண்டாம். முதலில் தாத்தாவுக்கு, அப்புறம் எனக்குப் போன் செய்யுங்கள். இருவரும் எடுக்காவிட்டால் குழந்தை வண்டியிலேயே இருக்கட்டும். மற்றவர்களை இறக்கி முடித்ததும் பள்ளிக்குத் திருப்பிக் கூட்டிப் போய் அலுவலகத்தில் ஒப்படையுங்கள். எவ்வளவு நேரமானாலும் அங்கே வந்து அழைத்துக்கொள்வது எங்கள் பொறுப்பு. தாமதத்துக்காக உங்களிடம் கத்துகிற பெற்றோரும் இருக்கிறார்கள், தெரியும். அந்தக் கோபத்துக்குப் பயந்து தெருவில் இறக்கிவிடாதீர்கள்.

இன்னொன்று. தெரியாத எண்ணிலிருந்து "நான் பாப்பாவோட மாமா, இன்னைக்கு இங்க இறக்குங்க" என்று அழைப்பு வந்தால், அந்த எண்ணிலேயே பேசி முடிவெடுக்காதீர்கள். பள்ளி கொடுத்த பட்டியலில் இருக்கும் எங்கள் எண்ணுக்கு நீங்களே அழைத்துக் கேளுங்கள். உண்மையான மாமாவாகவே இருந்தாலும் நாங்கள் கோபித்துக்கொள்ள மாட்டோம்.

செய்தியைப் பார்த்ததும் 'சரி' என்று ஒரு பதில் போடுங்கள், வண்டி நின்ற பிறகு. பதில் வராவிட்டால் இடம் மாறவில்லை என்றே வைத்துக்கொண்டு, பழைய முனையில் நாங்களே வந்து நிற்போம். வண்டியில் வரும் ஆயாவிடமும் மகளிடமும் நான் தனியாகச் சொல்லிவிடுகிறேன்.

இப்படிக்கு,
2-ஆம் வகுப்புப் பிள்ளையின் அம்மா