மாத்திரை என்றால் பாதிப்பு இல்லையா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மருந்துக்குக் கட்டுப்படாத காசநோய்க்கான ஆறு மாத மாத்திரைச் சிகிச்சை பற்றித் தங்கள் மருத்துவ இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். அதில் ‘ஊசி போனதோடு பக்கவிளைவுகளும் போயின’ என்று ஒரு வரி இருந்தது. தருமபுரி மாவட்டக் காசநோய்ப் பிரிவில் வேலை பார்த்தவன் என்ற முறையில், அந்த வரியை அப்படியே விட்டுவிட மனம் ஒப்பவில்லை.

ஊசி போனது நல்லதே. முன்பு இந்த நோய்க்குப் போட்ட கானமைசின் ஊசி காதில் முதலில் அழிப்பது கீச்சென்ற உயர்சுருதி ஒலிகளை உணரும் செல்களை. பேச்சு கேட்கும் பகுதி கடைசியில்தான் போகும். அதனால் ‘காது கேக்கலை’ என்று நோயாளி சொல்லும் நாளில் பாதி சேதம் முடிந்திருக்கும், திரும்பவும் வராது. மாதாமாதம் 8,000 ஹெர்ட்ஸ் வரை செவித்திறன் சோதித்திருந்தால் முன்பே பிடித்திருக்கலாம். பல இடங்களில் சோதிக்கவில்லை, கேட்டால் கருவி இல்லை என்றார்கள். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. இப்போதும், வேறு மருந்து கைகொடுக்காத சிலருக்கு அதே வகையைச் சேர்ந்த அமிக்காசின் ஊசி போடவேண்டி வருகிறது. அவர்களுக்காவது இந்தச் சோதனை தவறக்கூடாது.

புதிய சிகிச்சையில் பெடாகுயிலின், பிரிட்டோமனிட், லைனசோலிட், மாக்ஸிஃப்ளாக்சசின் என்று நான்கு மருந்துகள். இவை காதை விட்டாலும் நரம்பையும் இதயத்தையும் தொடுகின்றன.

நரம்புக்குப் பகை லைனசோலிட். தென்னாப்பிரிக்கா, ரஷ்யா உள்ளிட்ட நாடுகளில் நடந்த ஸெனிக்ஸ் ஆய்வில், தினம் 600 மி.கி. வீதம் 26 வாரம் எடுத்தவர்களில் 24 சதவீதத்தினருக்கு நரம்புப் பாதிப்பு வந்தது. இரண்டு கால் விரல்நுனியிலும் ஒரேபோல மதமதப்பு, இரவில் பாதம் எரிச்சல் என்றுதான் தொடங்கும். ‘ஏதாவது தொந்தரவு இருக்கா?’ என்று பொதுவாகக் கேட்டால் யாரும் இதைச் சொல்வதில்லை. ‘ராத்திரி பாதம் எரியுதா, செருப்பு கழன்றா தெரியுதா?’ என்று கேட்கவேண்டும். பிறகு 128 ஹெர்ட்ஸ் இசைக்கவையைத் தட்டிக் கால் பெருவிரல் மூட்டில் வைத்து, அதிர்வு எத்தனை நொடி தெரிகிறது என்று எண்ணவேண்டும். பத்து நொடிக்கு மேல் தெரிந்தால் சரி. ஐந்து நொடிகூடத் தெரியாவிட்டால் மருத்துவர் லைனசோலிட்டை 300 மி.கி.யாகக் குறைப்பதா, நிறுத்துவதா என்று அன்றே முடிவெடுக்கவேண்டும். நோயாளி தானாக நிறுத்தக்கூடாது. சர்க்கரை நோயாளிக்கு மதமதப்பு ஏற்கெனவே இருக்கலாம் என்பதால் முதல் மாத்திரைக்கு முன்பே ஒருமுறை எண்ணிக் குறித்து வைத்தால்தான் பின்னால் ஒப்பிட முடியும். ‘பி6 மாத்திரை கொடுத்திருக்கோமே’ என்ற சமாதானமும் போதாது. அது ஐசோனியசிட் என்ற வேறொரு காசநோய் மருந்து தரும் நரம்புப் பாதிப்பைத் தடுக்கும். லைனசோலிட் கெடுப்பது வேறு வழியில். பார்வை மங்கினாலோ சிவப்பு, பச்சை வெளிறித் தெரிந்தாலோ அது கண் நரம்பு, ஒருநாளும் தாமதிக்கக்கூடாது.

அடுத்தது ஈசிஜி. இதயம் ஒருமுறை துடித்து அடுத்த துடிப்புக்குத் தயாராக எடுக்கும் நேரத்தை ஈசிஜியில் க்யூடி இடைவெளி என்பார்கள். பெடாகுயிலினும் மாக்ஸிஃப்ளாக்சசினும் அதை நீட்டுகின்றன. அது 500 மில்லிநொடியைத் தாண்டினால் இதயத்துடிப்பு திடீரெனத் தடுமாறலாம். அதனால் தொடக்கத்திலும் இரண்டாம் வாரத்திலும் பிறகு மாதாமாதமும் ஈசிஜி எடுக்கிறார்கள். நாடியின் வேகத்துக்கு ஏற்ப க்யூடியைத் திருத்திக் கணக்கிடவேண்டும், சிக்கல் அந்தக் கணக்கில்தான் வருகிறது. காசநோயாளிக்குக் காய்ச்சல், இரத்தசோகையால் நாடி வேகமாக இருக்கும். நாடி 120, க்யூடி தாளில் 9 சிறு கட்டம், அதாவது 360 மில்லிநொடி என்று வையுங்கள். பல கருவிகள் தாமாக அச்சிடும் பாஸெட் கணக்கில் இது 509 ஆகிவிடும், பார்த்தவர் பயந்து மருந்தை நிறுத்திவிடுவார். வேகமான நாடிக்குப் பொருந்தும் ஃப்ரிடெரிசியா கணக்கில் அதே தாள் 454தான். கவனித்துத் தொடரலாம். நல்ல மருந்தை வீணாக நிறுத்தினால் கிருமி எஞ்சிய மருந்துகளையும் எதிர்க்கப் பழகிக்கொள்ளும்.

மறுபக்கமும் உண்டு. பென்னாகரம் பக்கம் ஒரு நோயாளிக்கு வாந்தி என்றால் பக்கத்துக் கிளினிக்கில் ஆன்டான்செட்ரான் போடுவார்கள், இருமலுக்கு அசித்ரோமைசின் தருவார்கள். இரண்டுமே க்யூடியை நீட்டுபவை. வாந்தியால் பொட்டாசியமும் குறைந்திருக்கும். என்ன மாத்திரை சாப்பிடுகிறோம் என்று அட்டையைக் காட்டச் சொல்லி நோயாளியிடம் எவரும் சொல்வதில்லை.

தங்களுக்குத் தெரியாதது அல்ல, எங்கள் ஊர்களில் பலர் பத்திரிகையில் வந்ததைத்தான் மருத்துவர் சொல்லை விட நம்புகிறார்கள். ‘பக்கவிளைவே இல்லைன்னு பேப்பர்லயே போட்டிருக்காங்க’ என்று சொல்லி ஈசிஜிக்கு வராமல் இருப்பவர்களை நாளை யார் அழைத்து வருவது?

அடுத்த இணைப்பில் இரண்டு வரித் திருத்தமும், பாதம் எரிச்சல், பார்வை மங்கல், மயக்கம், படபடப்பு வந்தால் அன்றே காசநோய்ப் பிரிவுக்குப் போகவேண்டும் என்று ஒரு சிறு கட்டமும் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
பாலக்கோடு, தருமபுரி மாவட்டம்