ரோட்டோரப் பட்டிக்கு உயரம் மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மலைப்பாதைகளில் ஆடுகள் குறுக்கே வந்து விபத்து நடப்பதைப் பற்றித் தங்கள் இதழில் வந்த வாசகர் கடிதத்தைப் படித்தேன். ஆடு வளர்ப்பவர்கள் எல்லோரும் ஆறடி உயரத்துக்கு வேலி போட வேண்டும் என்று அந்த வாசகர் எழுதியிருந்தார். அவருடைய கவலை நியாயமானது. கொண்டை ஊசி வளைவில் திரும்பியதும் எதிரே மந்தை நின்றால் எந்த ஓட்டுநராலும் வண்டியை உடனே நிறுத்த முடியாது. ஆனால் உயரத்தைக் கூட்டுவதால் மட்டும் இது தீராது. பூம்பாறைப் பக்கம் பல வருடங்களாகச் செம்மறியும் வெள்ளாடும் வளர்த்து வருகிறேன், அக்கம்பக்கத்துப் பட்டிகளுக்கு வேலி போடவும் போகிறேன். அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன்: ஆடு வேலியைத் தாண்டிப் போவது குறைவு, அடியில் நுழைந்து போவதுதான் அதிகம்.

வெள்ளாடு முதலில் வேலிக்குக் கீழே இடம் தேடும். அங்கே கிடைக்காவிட்டால் கம்பிக்கு நடுவே தலையை விட்டுப் பார்க்கும். இரண்டும் முடியாதபோதுதான் மேலே பார்க்கும். பெரும்பாலும் முதலில் வெளியே போவது குட்டி. அது கத்தினால் தாய் வழி தேடிப் போகும். தாய்க்குப் பின்னால் ஒன்றிரண்டு வெள்ளாடுகள் போகும். கடைசியில் செம்மறி மொத்தமாகப் போய்ச் சேரும், ஏனென்றால் முன்னால் போவதைப் பின்தொடர்வது செம்மறியின் இயல்பு. ஆக, மந்தை முழுக்க ரோட்டில் நிற்பதற்கு ஒரு குட்டி நுழையும் ஓட்டை போதும். சமவெளியில் இந்த ஓட்டை சுலபமாகக் கண்ணில் படும். மலையில் தரை ஏறி இறங்குவதால் அது வேலிக்கு அடியிலேயே ஒளிந்திருக்கும்.

எங்கள் ஊர்க்காரர் ஒருவருடைய நிலத்தை வைத்துச் சொன்னால் விளங்கும். ரோட்டை ஒட்டி 220 அடி, பள்ளத்தை நோக்கி 200 அடி, ஏறக்குறைய ஒரு ஏக்கர். மேல்பக்கம் தார்ரோடு, கீழே ஓடை, நடுவில் பழைய உருளைக்கிழங்குக் காட்டின் அடுக்குகள். இருபது உருப்படி வைத்திருந்தார், செம்மறியும் வெள்ளாடும் கலந்து. ஐந்தடி உயரத்துக்கு சங்கிலிக் கம்பிவலை நல்லதாகவே போட்டிருந்தார். அப்படியும் வாரத்துக்கு ஒரு முறையாவது ஆடு ரோட்டில் நின்றது. "அண்ணே, இன்னும் ஒரு அடி ஏத்திப் போட்டுரலாமா?" என்று என்னிடம் கேட்டார். "ஏத்துறது இருக்கட்டும் தம்பி, முதல்ல வேலியோரமா ஒரு சுத்து நடந்து வருவோம்" என்றேன்.

நடந்தபோது அடிக்கம்பியைத்தான் பார்த்துக்கொண்டே போனோம். ஆடு நுழைகிற இடத்தில் கம்பியில் மயிர் ஒட்டியிருக்கும். செம்மறி என்றால் வெள்ளைக் கம்பளிப் பஞ்சு, வெள்ளாடு என்றால் கருப்போ செம்பட்டையோ நாலைந்து முடி. கீழே மண் வழவழவென்று தேய்ந்து குளம்புக் கீறல் தெரியும். அப்படி மூன்று இடம் அகப்பட்டது. மூன்றுமே அடுக்கு இறங்குகிற இடங்கள். வேலி போட்டவர் மேல்கம்பியை மட்டம் பார்த்து நேராக இழுத்திருக்கிறார். தரை இறங்குகிறது, வலை இறங்கவில்லை. அங்கே அடியில் முக்கோணமாக ஒரு சந்து, கையை முழங்கை வரை விடலாம். மலையில் வலையைத் தரை போகிற போக்கில்தான் இழுக்க வேண்டும், மேலே கோணலாகத் தெரிந்தாலும் பரவாயில்லை. அடுக்கு விழும் இடத்தில் மேலே ஒரு தூண், கீழே ஒரு தூண் என்று நெருக்கமாக நட்டு, அப்படியும் மிச்சமாகும் சந்தைக் கல் அடுக்கி அடைத்தோம். மண் போட்டு அடைத்தால் ஒரு மழை தாங்காது.

அடுத்தது வலை கட்டிய விதம். வலை தூணுக்கு வெளிப்பக்கம் கட்டியிருந்தது. ஆடு உள்ளிருந்து வலையில் சாயும், உடம்பை உரசும், முன்னங்காலைத் தூக்கி வைக்கும். வலை உள்பக்கம் இருந்தால் அந்த பாரத்தைத் தூண் வாங்கிக்கொள்ளும். வெளிப்பக்கம் இருந்தால் கட்டுக்கம்பிதான் வாங்க வேண்டும், அது ஒவ்வொன்றாக அறுந்துவிடும். சங்கிலி வலைக்கு அடியிலும் நடுவிலும் மேலும் ஒரு கெட்டிக் கம்பி முறுக்காக ஓட வேண்டும். அதிலும் அடிக்கம்பி இல்லாத வலையை ஆடு மூக்கால் நெம்பித் திரை மாதிரித் தூக்கிவிடும். அடிக்கம்பியை இரண்டு தூணுக்கு நடுவில் ஒரு முளை அடித்து இழுத்துக் கட்டினோம். தூண் இடைவெளி பன்னிரண்டு அடியாக இருந்தது. சரிவில் எட்டடிக்கு மேல் போகக்கூடாது என்பது என் அனுபவம், அதனால் இடையிடையே தூண் சேர்த்தோம்.

மூன்றாவது, ஆடு நிஜமாகவே தாண்டிய ஓர் இடம். மூலைத்தூணுக்கு முட்டுக்கொடுத்த சாய்வுக்கல் பட்டிக்குள்ளே இருந்தது. வெள்ளாடு அதில் ஏறி, வேலிக்கு மேல் தலை தெரிய நிற்பதை நானே பார்த்தேன். முட்டுக்கல்லை வெளிப்பக்கம் மாற்றினோம். உள்ளே வேலியை ஒட்டி அடுக்குக் கரையோ பாறையோ தீவனத் தொட்டியோ இருந்தாலும் இதே கதைதான். கரைமேல் நிற்கும் ஆட்டுக்கு ஐந்தடி வேலி இரண்டடி வேலியாகிவிடும். அப்படிப்பட்ட மேட்டிலிருந்து ஆறடியாவது தள்ளி வேலி இருக்க வேண்டும். இதைக் கவனித்துவிட்டால் நாட்டாடு, செம்மறி எல்லாவற்றுக்கும் நாலரை அடி போதும் என்பேன். துள்ளுகிற வெள்ளாடு இருந்தால் ஐந்தடி.

வேலியை விடவும் நான் வற்புறுத்திச் சொல்ல விரும்புவது பட்டியின் அமைப்பை. அவர் ரோட்டின் ஓரத்திலேயே, சாலை போடக் கொட்டிய மண்மேட்டின் உச்சியில் தூண் நட்டிருந்தார். கொட்டிய மண் இளகல், தூண் சாயும். சாலையோர நிலம் சாலைத் துறையுடையதாக இருந்தால் அகலப்படுத்தும்போது வேலியும் போய்விடும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஆடு வெளியே வைக்கும் முதல் அடியே தார்ரோட்டில் விழும். வேலியை மேட்டின் அடிவாரத்துக்கு, பதினைந்து அடி உள்ளே வாங்கிப் போட்டோம். இடையிலிருக்கும் கீற்றில் கிக்கியூ புல் வளர்கிறது, அறுத்துப் போடுகிறார். இனி தப்பிய ஆடு முதலில் அந்தப் புல்லில்தான் வாய் வைக்கும். நாம் பார்த்துப் பிடிக்க அவகாசம் கிடைக்கும்.

இன்னொன்றும் உண்டு. செம்மறி ராத்திரியில் மேட்டில் போய்ப் படுக்கும், விரட்டினாலும் மேட்டுப்பக்கமே ஓடும். ரோடு கீழே இருந்தால் இது நமக்குச் சாதகம். ரோடு மேலே இருந்தால் மந்தை தானாகவே ரோட்டு வேலியில் போய் நெருக்கும். நாய் துரத்தினால் மொத்தமும் ஒரு மூலையில் போய் மோதும், வேலி சாய்வதும் ஆடு மிதிபட்டுச் சாவதும் அங்கேதான். அதனால் ரோட்டுப்பக்க மூலைகள் இரண்டையும் குறுக்கே ஒரு படல் வைத்து மழுக்கிவிட்டோம். நிலத்தை நாலாகப் பிரித்து, ரோட்டை ஒட்டிய இரண்டு பாகத்தில் நாம் அருகில் இருக்கும் பகல் வேளையில் மட்டும் மேய்ச்சல் என்று வைத்தோம். உள்ளே பிரிக்கும் வேலி லேசானதாக இருந்தால் போதும், அது உடைந்தால் ஆடு பக்கத்துப் பாகத்துக்குத்தான் போகும். கையில் இருக்கும் காசை ரோட்டுப்பக்கம் போட வேண்டும்.

கதவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ரோட்டுக்கு நேராக ஒற்றைக் கதவு வைத்தால், தீவன மூட்டையோடு நாம் உள்ளே நுழைகிற நேரத்தில் கால் இடுக்கில் ஓர் ஆடு வெளியே போய்விடும். இரண்டு கதவு வேண்டும், நடுவே பத்தடிக்குப் பன்னிரண்டடியில் ஒரு சிறு அடைப்பு. ஒன்றைப் பூட்டிய பிறகுதான் மற்றதைத் திறப்பது. கதவு உள்பக்கமாகத் திறக்க வேண்டும், ஆடு முட்டினால் நிலையோடு சேர்ந்து இறுகும். கொண்டி வெளிப்பக்கம் இருக்கட்டும், வெள்ளாடு நாக்காலும் உதட்டாலும் கொண்டியை நெம்பக் கற்றுக்கொள்ளும். கீல் முளைகள் இரண்டும் மேல்நோக்கி இருந்தால் தலையால் தூக்கியே கதவைக் கழற்றிவிடும். மேல்கீலின் முளையைக் கீழ்நோக்கித் திருப்பிவிட்டால் கதவு கழலாது. கதவுக்கு அடியில் குளம்பு பட்டுப் பட்டுக் குழி விழும், அங்கே ஒரு பலகைக்கல் பதித்துவிடுங்கள்.

கீழே ஓடை வேலியைக் கடக்கும் இடத்தில் அதே வலையைத் தொடர்ந்து இழுத்திருந்தார். ஐப்பசி மழையில் சருகும் கிளையும் வந்து அடைந்தால் தண்ணீர் பக்கத்துத் தூண்களையும் சேர்த்துப் பிடுங்கிக்கொண்டு போய்விடும். ஓடையின் இரு கரையிலும் வேலியை முடித்துவிட்டு, நடுவே ஒரு கெட்டிக் கம்பியில் மரச்சட்டப் படலைத் தொங்கவிட்டோம். வெள்ளம் வந்தால் அது மிதந்து விலகும், வடிந்தால் பழைய இடத்துக்கு வரும்.

முள்கம்பி பற்றிக் கேட்பவர்கள் நிறைய. கம்பளி வளர்ந்த செம்மறிக்கு முள் உறைக்காது, அழுத்தி நுழைந்துவிடும். வெள்ளாட்டுக்கு மடி கிழியும். ஆறு அங்குலச் சதுரக்கண் வலை கொம்புள்ள ஆட்டுக்கு ஆபத்து. தலை உள்ளே போகும், கொம்பு மாட்டித் திரும்பாது. நாலு அங்குலத்துக்குள் இருக்கும் கண்ணே நல்லது. வீட்டு மின்சாரத்தை நேராகக் கம்பியில் விடுவது உயிரைப் பறிக்கும் குற்றம், அதை யாரும் நினைக்கவே கூடாது. சூரிய மின்வேலி போடுகிறவர்கள் வனத்துறையிடம் விதிமுறைகளைக் கேட்டுவிட்டுப் போடுங்கள். மழைக்காலத்தில் புல் வளர்ந்து அடிக்கம்பியைத் தொட்டால் அதில் வேகம் இறங்கிவிடும் என்பதும் நினைவில் இருக்கட்டும்.

இந்த வேலி ஆட்டை உள்ளே வைக்கும், சிறுத்தையை வெளியே வைக்காது. ஐந்தடி அதற்கு ஒரு பொருட்டே இல்லை. இருட்டும் முன் கூரையுள்ள கொட்டகையில் அடைத்தே தீர வேண்டும், அந்தக் கொட்டகை ரோட்டுக் கதவுக்குத் தள்ளியே இருக்கட்டும். காட்டுமாட்டையும் எந்தக் கம்பியும் நிறுத்தாது. அது வழக்கமாக நடக்கும் தடம் நிலத்துக்குள் வந்தால், அந்தத் தடத்தை வெளியே விட்டு வேலியை உள்ளே வாங்கிப் போடுவதுதான் வழி. எங்கள் ஊர்க்காரர் கிழக்கு எல்லையில் அப்படித்தான் எட்டடி விட்டுக்கொடுத்திருக்கிறார். காட்டுமாடு அந்தப் பக்கமாகவே போய் வருகிறது, தூண் ஒன்றும் சாயவில்லை.

இப்படிக்கு,
ஆடு வளர்க்கும் வாசகர்,
பூம்பாறை, கொடைக்கானல் வட்டம்.