ஒரே சேதி, இரண்டு நோட்டீஸ்

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் வந்து ஒரு வாரமாயிற்று. முழங்கால் வலி தேவலையா? நான் பதில் போடத் தாமதமானதற்குக் காரணம் ஒரு நோட்டீஸ்.

'யுபிஐ-யில் பணம் வாங்க, பின் நம்பர் போட வேண்டியதில்லை.' சொல்ல வேண்டியது இவ்வளவுதான். பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு ஒன்று, இங்குள்ள ஓய்வூதியர் சங்கத்துக்கு ஒன்று எழுதித் தரச் சொன்னார்கள். முப்பது வருஷம் வங்கி கவுன்டரில் உட்கார்ந்தவனுக்கு இது ஒரு வேலையா என்று நினைத்தேன்.

பிள்ளைகளுக்கு எழுதியதில் 'மச்சி', 'கெத்து' என்று தூவியிருந்தேன். ஒரு பெண் படித்துவிட்டு, "சார், எங்க சித்தப்பா பேசற மாதிரி இருக்கு" என்றாள். அத்தனையையும் அடித்தேன். அறிவுரையைத் தூக்கிவிட்டு ஒரு சம்பவத்தில் ஆரம்பித்தேன்: 'பழைய சைக்கிளை விற்கப் போட்டிருக்கிறாய். வாங்குபவன் கியூஆர் அனுப்புகிறான். "ஸ்கேன் பண்ணு, காசு வந்துரும்" என்கிறான். ஸ்கேன் செய்ததும் பின் கேட்கிறது. அங்கேயே நிறுத்து. நீ வாங்கவில்லை, கொடுக்கப் போகிறாய்.' உடனே ஒரு பையன், "பேலன்ஸ் பார்க்கவும் பின் கேட்குதே?" என்றான். நியாயம்தான். அதற்கும் ஒரு வரி சேர்த்தேன்.

பெரியவர்கள் விஷயத்தில்தான் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். 'பயப்படாதீர்கள், மெதுவாகப் படியுங்கள்' என்று குழந்தைக்குச் சொல்வதுபோல எழுதிவிட்டேன். கருவூலத்தில் இருந்த ஒருவர் சிவப்பு மையில் திருத்தித் திருப்பிக் கொடுத்தார். 'பின் என்பது உங்கள் கையெழுத்து. செக் வாங்குபவர் கையெழுத்துப் போடுவதில்லை' என்று எழுதியிருந்தேனா, ஓரத்தில் அவர் குறிப்பு: 'பேரர் செக் மாற்றும்போது பின்பக்கம் போடுவோமே?' கவுன்டர்காரனான எனக்கே அது தோன்றவில்லை பார்! பிறகு இப்படி மாற்றினேன்: 'உங்கள் கணக்கில் யார் வேண்டுமானாலும் பணம் கட்டலாம், அதற்கு உங்கள் கையெழுத்து வேண்டாம். எடுக்கத்தான் வேண்டும். பின் என்பது அந்தக் கையெழுத்து.' அவர் மறுபேச்சுப் பேசவில்லை.

பிள்ளைகளுக்கு 'நீ', இவர்களுக்கு 'நீங்கள்' என்று மாற்றியதெல்லாம் சுலபம். கடைசிப் பத்திதான் இரண்டு நாள் இழுத்தது. ஏமாந்ததைப் பிள்ளைகள் அப்பாவிடம் மறைக்கிறார்கள், அப்பாக்கள் பிள்ளைகளிடம் மறைக்கிறார்கள். மறைக்கிற நேரத்தில் பணம் கணக்கு விட்டுக் கணக்கு போய்விடுகிறது. அதனால் அங்கே, 'திட்டு அப்புறம் வாங்கிக்கொள்ளலாம், முதலில் சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்குப் போன் போடு' என்று எழுதினேன். இங்கே அதே எண்ணை மேலேயே பெரிய எழுத்தில் போட்டு, 'வீட்டில் சொல்லத் தயக்கமாக இருந்தாலும் இந்த எண்ணுக்கும் வங்கிக்கும் உடனே சொல்லிவிடுங்கள்' என்றேன்.

இரண்டையும் இத்துடன் வைத்திருக்கிறேன். பெரியவர்களுடையதை உன் சம்பந்தியிடம் கொடு. எந்த வரியில் முகம் சுளிக்கிறார் என்று பார்த்து எழுது.

உன்,
ராமு