ரெகுலர் எக்ஸ்பிரஷன் விடைகளைத் திருத்துகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆசிரியர்களுக்கு,

வணக்கம். தியரி ஆஃப் கம்ப்யூட்டேஷன் பாடத்தை நடத்துகிறவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். மறுமதிப்பீட்டுக்காக வந்த இரண்டு விடைத்தாள் நகல்களைப் பார்த்த பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை.

கேள்வி எளிதுதான்: a, b என்ற இரண்டே எழுத்துகளில், aa எங்கும் வராத ஸ்ட்ரிங்குகளுக்கு ரெகுலர் எக்ஸ்பிரஷன் எழுத வேண்டும். விடைக்குறிப்பில் `(b+ab)*(ε+a)` என்று இருக்கிறது. ஒரு மாணவி `(ε+a)(b+ba)*` என்று எழுதியிருந்தார். குறிப்பைப் போல இல்லை என்பதால் பூஜ்யம். இன்னொரு மாணவர் `b*(ab)*b*(ε+a)` என்று எழுதியிருந்தார். ஓரத்தில் பென்சிலால் aba, bab, abba என்று போட்டுப் பார்த்திருக்கிறார்கள்; எல்லாம் பொருந்தியதால் முழு மதிப்பெண். உண்மை நேர்மாறானது. மாணவியின் விடை சரி, மாணவரின் விடை தவறு.

இதில் கருத்து வேறுபாட்டுக்கே இடமில்லை. இரண்டு ரெகுலர் மொழிகள் ஒன்றா என்பதை முடிவாகச் சொல்லும் அல்காரிதம் இருக்கிறது, அதை நாமே வகுப்பில் நடத்துகிறோம். இரண்டு விடைகளுக்கும் டி.எஃப்.ஏ. வரைந்து, இரண்டையும் சேர்த்து ஓட்ட வேண்டும். ஜோடியில் ஒன்று ஏற்பு நிலையாகவும் மற்றது ஏற்காத நிலையாகவும் எங்காவது வந்தால், மொழிகள் வேறு. புது ஜோடியே வராமல் தீர்ந்துவிட்டால், ஒன்றுதான்.

குறிப்பின் டி.எஃப்.ஏ.-வில் மூன்று நிலைகள்: 0, a வந்தவுடன் 1, aa வந்தால் டெட் ஸ்டேட். 0, 1 இரண்டும் ஏற்பு நிலைகள். மாணவரின் விடைக்கு ஆறு வேண்டும்: p தொடக்கம், ஒரு a படித்ததும் q, ab முடிந்ததும் r, கடைசி b*-க்குள் போய்விட்டால் s, அங்கிருந்து இறுதி a-வையும் படித்துவிட்டால் t, அப்புறம் டெட் ஸ்டேட். டெட் தவிர மற்ற ஐந்தும் ஏற்பு நிலைகள்.

(0,p)-யில் தொடங்குவோம். a படித்தால் (1,q). b படித்தால் (0,r). மறுபடி b, (0,s). a, (1,t). இதுவரை ஜோடியில் இரண்டுமே ஏற்கின்றன. இன்னொரு b படித்தால் (0,டெட்): குறிப்பு ஏற்கிறது, மாணவரின் விடை ஏற்கவில்லை. ஆக abbab என்ற ஸ்ட்ரிங்கில் aa இல்லை, ஆனாலும் அவர் எக்ஸ்பிரஷனில் அது கிடைக்காது.

நான்கு எழுத்து வரையுள்ள 31 ஸ்ட்ரிங்குகளையும் சோதித்திருந்தால்கூட இந்தத் தவறு பிடிபட்டிருக்காது. ஐந்து எழுத்தில் aa இல்லாதவை 13. அதிலும் இந்த ஒன்றில் மட்டும்தான் விடை சறுக்குகிறது. சோதித்தே பார்ப்பேன் என்றால் எதுவரை சோதிப்பது? m நிலையும் n நிலையும் உள்ள இரண்டு டி.எஃப்.ஏ.-க்கள் வேறுபட்டால், m+n−2 எழுத்துக்குள் வேறுபாடு தெரிந்தே தீரும். இங்கே அது 7. ஏழு எழுத்து வரை 255 ஸ்ட்ரிங்குகளை யார் போட்டுப் பார்ப்பது? ஜோடிகளோ மிஞ்சிப்போனால் 3×6, அதாவது 18.

மாணவியின் விடையை இப்படி ஓட்டினால் நாலே ஜோடியில் முடிந்துவிடுகிறது. மூன்றில் இரண்டு பக்கமும் ஏற்பு, ஒன்றில் இரண்டு பக்கமும் டெட். ஐந்து நிமிட வேலை.

ஹாப்கிராஃப்டும் கார்ப்பும் 1971-இல் இதையே இன்னும் சுருக்கினார்கள். சமம் என்று கருதும் நிலைகளை யூனியன்-ஃபைண்ட் கொண்டு ஒரே குழுவாகச் சேர்த்துக்கொண்டே போனால், m+n−1 சேர்ப்புகளுக்குள் வேலை முடிந்துவிடும். என்.எஃப்.ஏ.-வை டி.எஃப்.ஏ. ஆக்கும்போது n நிலைகள் 2ⁿ வரை பெருகலாம் என்பது உண்மைதான். தேர்வுத்தாளில் வரும் அளவுக்கு அது பயப்பட வேண்டிய விஷயமில்லை.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். "இந்த டி.எஃப்.ஏ. ஏற்கும் மொழி முடிவுள்ளதா?" என்ற கேள்விக்கு "சுழற்சி இருக்கிறது, எனவே முடிவற்றது" என்று எழுதினால் மதிப்பெண் தருகிறார்கள். டெட் ஸ்டேட்டிலும் சுழற்சி உண்டே! தொடக்கத்திலிருந்து போய்ச் சேரக்கூடிய, அங்கிருந்து ஏற்பு நிலைக்கும் போகக்கூடிய நிலையில் சுழற்சி இருந்தால்தான் மொழி முடிவற்றது. அந்த இரண்டு நிபந்தனைகளையும் எழுதாத விடைக்கு முழு மதிப்பெண் கூடாது.

நான் கேட்பது இதுதான். ரெகுலர் எக்ஸ்பிரஷன் விடைக்கு மதிப்பெண் குறைத்தால், அது எந்த ஸ்ட்ரிங்கில் தவறுகிறது என்று பக்கத்தில் எழுதுங்கள். அப்படி ஒரு ஸ்ட்ரிங் கிடைக்கவில்லை என்றால் ஜோடிகளை ஓட்டிப் பாருங்கள். அவை தீர்ந்துவிட்டால் மதிப்பெண்ணைக் கொடுங்கள். அடுத்த அலகில் வரும் கான்டெக்ஸ்ட்-ஃப்ரீ கிராமருக்கும் இதையே செய்யச் சொல்லவில்லை. இரண்டு கிராமர்கள் ஒரே மொழியைத் தருகின்றனவா என்று பொதுவாகச் சொல்லும் அல்காரிதம் கிடையாது; அங்கே ஒவ்வொரு விடையையும் உட்கார்ந்து யோசித்துத்தான் திருத்த வேண்டும்.

இப்படிக்கு,
உங்களில் ஒருவன்