காலில் விழுவதும் கை உயர்த்துவதும்

ஐயா,

பள்ளி விழாக்களில் மாணவர்களைப் பெரியவர்கள் காலில் விழ வைப்பது குறித்த தங்கள் தலையங்கத்தைப் படித்தேன். கட்டாயப்படுத்துவது தவறு, சரி. ஆனால் இந்த வழக்கமே அடிமைத்தனம் என்று எழுதியிருப்பதை ஏற்க முடியவில்லை. காலில் விழுவது பாதிச் செயல்தான். ‘ஆசீர்வாதம் பண்ணுங்க’ என்று கேட்டுக்கொண்டுதான் விழுகிறோம். பெரியவர் தலையில் கை வைத்து, ‘நல்லா இரு’ என்றோ ‘தீர்க்காயுசா இரு’ என்றோ சொன்ன பிறகே அது முழுமையடைகிறது. திருமணத்தில் மணமக்கள் விழும்போது பெரியவர்கள் அட்சதையைக் கையில் எடுத்துக்கொண்டு காத்திருப்பது இதற்காகத்தான். மண்ணில் படும் காலைத் தொட்டு வணங்குபவர், ‘நீங்கள் எனக்கு முன்னே நடந்தவர்’ என்கிறார். வாழ்த்துபவரோ தன் ஆயுளின் பலனை அவருக்குத் தருகிறார்.

படுத்திருப்பவரை வணங்கக் கூடாது என்பது எங்கள் வீட்டு வழக்கம். இறந்தவருக்குத்தான் அப்படிச் செய்வார்கள். இடுப்பெலும்பு முறிந்து கிடந்த என் பாட்டி, நான் வேலைக்குக் கிளம்பிய அன்று இரண்டு பேர் தாங்க எழுந்து உட்கார்ந்தார். அப்புறம்தான் என்னை விழ விட்டார். நடுங்கும் விரலால் அவர் இட்ட திருநீறு பாதி என் இமையில் உதிர்ந்தது. அங்கே பணிந்தவளும் நான்தான், பெற்றுக்கொண்டவளும் நான்தான். எனவே, பள்ளிகள் பிள்ளைகளை மைக்கில் அழைத்து வரிசையாக விழ வைப்பதை நிறுத்தட்டும். பிறந்தநாளன்று வீட்டுப் பெரியவரிடம் வாழ்த்து வாங்கி, அவர் சொன்னதை எழுதி வரச் சொல்லலாம்.