மகளின் படிப்புக்குப் பணம் அனுப்ப 15சிபி எதற்கு? வங்கிக் கிளை மேலாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

செப்டம்பர் 2025

மதிப்புக்குரிய கிளை மேலாளர்களுக்கு,

வணக்கம். எந்த வங்கி, எந்தக் கிளை என்று நான் சொல்லப் போவதில்லை. எனக்கு நடந்ததைச் சொன்னபோது, பிள்ளையை வெளிநாட்டுக்குப் படிக்க அனுப்பிய நண்பர்கள் மூன்று பேர் ஆளுக்கொரு வங்கியின் பெயரைச் சொல்லி இதே கதையைச் சொன்னார்கள். அதனால் இது உங்கள் எல்லாருக்குமான மடல்.

ஆகஸ்டில் ஒரு வெள்ளிக்கிழமை. இங்கிலாந்தில் முதுகலை சேர்ந்திருக்கும் என் மகளுக்கு முதல் தவணைக் கட்டணம் 12,000 பவுண்டு. புதன்கிழமைக்குள் போய்ச் சேர வேண்டும். பல்கலைக்கழகத்தின் சேர்க்கைக் கடிதம், கட்டண இன்வாய்ஸ், அவள் பாஸ்போர்ட் நகல், என் பான் அட்டை எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போனேன். கவுண்டரில் இருந்தவர் புரட்டிப் பார்த்துவிட்டு, “15சிஏ, 15சிபி ரெண்டும் வேணும் சார். ஆடிட்டர்கிட்ட வாங்கிட்டு வாங்க” என்றார். எதற்கு என்று கேட்டேன். “வெளிநாட்டுக்குப் பணம் போனா கேட்போம் சார்.”

ஆடிட்டரிடம் போனேன். அவர் என்னிடம் ஃபீஸ் வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போட்டிருக்கலாம். போடாமல் உட்கார வைத்து விளக்கினார். அவர் சொன்னதை அப்படியே உங்களுக்கும் சொல்கிறேன்.

நாம் வெளிநாட்டில் இருக்கும் ஒருவருக்குப் பணம் கொடுக்கிறோம், அந்தப் பணம் இந்தியாவில் வரி கட்ட வேண்டிய வருமானம் என்றால், கொடுக்கும்போதே வரியைப் பிடித்துக்கொள்ள வேண்டும். 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 195ஆம் பிரிவு சொல்வது இதுதான். இங்குள்ள ஒரு நிறுவனம் வெளிநாட்டு ஆலோசகருக்குக் கட்டணம் கொடுக்கிறது என்று வையுங்கள். அதற்கு வரி உண்டா, எத்தனை சதவீதம், இரட்டை வரி ஒப்பந்தம் என்ன சொல்கிறது என்று பார்த்து ஆடிட்டர் தரும் சான்றுதான் 15சிபி. அதை வைத்துப் பணம் அனுப்புபவர் கொடுக்கும் தகவல் படிவம் 15சிஏ. இங்கிலாந்தில் பாடம் நடத்தி அங்கேயே கட்டணம் வாங்கும் பல்கலைக்கழகத்துக்கு இதில் என்ன வேலை?

விதிமுறையிலும் இது தெளிவாகவே இருக்கிறது. விதி 37பிபி, மூன்றாம் உட்பிரிவு. ரிசர்வ் வங்கியின் முன் அனுமதி தேவைப்படாத தனிநபர் பணப் பரிமாற்றங்களுக்கு இந்தத் தகவலே தர வேண்டாம் என்கிறது. அது போதாதென்று, விலக்குப் பெற்ற பரிமாற்றங்களின் பட்டியல் ஒன்றும் கூடவே இருக்கிறது. 2016 ஏப்ரல் 1 முதல் அதில் 33 இனங்கள். கல்விக்கான பயணம், கட்டணம், விடுதிச் செலவு ஆகியவற்றுக்கான S0305 என்ற குறியீடு அதில் இருக்கிறது. ஆக, சொந்தக் கணக்கிலிருந்து பிள்ளையின் கட்டணத்தை நேராகப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பும் பெற்றோரிடம் 15சிஏ கேட்கவே வேண்டியதில்லை. 15சிபி கேட்பதற்குத் துளியும் இடமில்லை.

எல்லா இடத்திலும் இப்படித்தான் என்று நான் சொல்லவில்லை. துபாயில் இருக்கும் மாமா, வெளிநாடுவாழ் இந்தியர்கள் இங்கே வைத்திருக்கும் என்ஆர்ஓ கணக்கிலிருந்து பணம் அனுப்பினால் கதை வேறு. அங்கே நீங்கள் கேட்பதில் அர்த்தம் இருக்கிறது.

திங்கட்கிழமை இதையெல்லாம் ஒரு தாளில் எழுதிக்கொண்டு மறுபடி வந்தேன். செக்லிஸ்டில் இருக்கிறது என்றார்கள். காட்டச் சொன்னேன். நகலுக்கு நகல் எடுத்து வெளிறிப்போன ஒரு தாள். 15சிஏ, 15சிபி என்ற வரியின் ஓரத்தில், உற்றுப் பார்த்தால் மட்டும் தெரிகிற மாதிரி, ‘பொருந்தினால்’ என்று ஒரு சொல். அது இத்தனை நாள் யார் கண்ணிலும் படவில்லை. அதைக் காட்டிய பிறகும், “சேஃப்டிக்கு 15சிஏ மட்டுமாவது குடுத்துடுங்க சார்” என்றார்கள்.

சரி, நாள் போகிறதே என்று ஒப்புக்கொண்டேன். அதற்கும் ஆடிட்டர் தேவைப்படவில்லை. 15சிஏவில் நான்கு பகுதிகள். வரிக்கு உட்படாத தொகைக்கு டி பகுதி. 15சிபி கேட்பது சி பகுதிக்கு மட்டும். வருமான வரி இணையதளத்தில் என் கணக்கில் நுழைந்து, பல்கலைக்கழகத்தின் பெயர், முகவரி, பவுண்டிலும் ரூபாயிலும் தொகை, உங்கள் கிளையின் ஏழு இலக்க பிஎஸ்ஆர் குறியீடு, அனுப்பப்போகும் தேதி எல்லாம் நிரப்ப அரை மணி நேரம் ஆனது. செலவு ஒரு பைசா இல்லை. ஆனாலும் தேவையில்லாத படிவம் தேவையில்லாததுதான். இணையத்தில் பழக்கமில்லாதவர்கள் இந்த இடத்தில்தான் பணம் கொடுத்து 15சிபி வாங்கிவிடுகிறார்கள்.

இந்தப் படிவத்தையே பிடித்துக்கொண்டிருந்ததில், உண்மையிலேயே கவனிக்க வேண்டிய தாளை யாரும் கவனிக்கவில்லை. அது, வெளிநாட்டுக்குப் பணம் அனுப்ப வங்கியில் கொடுக்கும் விண்ணப்பமான ஏ2 படிவம். கையெழுத்துப் போடுமுன் வாசித்துப் பார்த்தேன். நோக்கக் குறியீடு என்ற இடத்தில் S1301 என்று நிரப்பியிருந்தார்கள். குடும்பப் பராமரிப்பு!

அது வெறும் எழுத்துப் பிழை இல்லை. அன்றைய விலையில் பவுண்டு 117 ரூபாய், என் தொகை 14,04,000. 2025-26 நிதியாண்டில் 10 லட்சத்துக்கு மேல் போகும் தொகைக்கு, அனுப்பும்போதே வசூலிக்கும் வரியான டிசிஎஸ்ஸை நீங்கள் பிடிக்க வேண்டும். கல்வி என்றால் 5 சதவீதம். மற்றவை பெரும்பாலும் 20. 4,04,000 ரூபாய்க்கு 5 சதவீதம் 20,200. குறியீடு அப்படியே போயிருந்தால் 80,800. வரித் தாக்கலில் திரும்பக் கிடைக்கும்தான், ஆனால் எத்தனை மாதம் கழித்து? அதுவரை 60,600 ரூபாய் முடங்கிக் கிடக்கும். 80இ பிரிவில் வரும் கல்விக் கடனிலிருந்து அனுப்பினால் டிசிஎஸ்ஸே கிடையாது. அதைக்கூட யாரும் என்னிடம் கேட்கவில்லை. வாடகை, சாப்பாட்டுக்கு அனுப்புவதையும் பராமரிப்பு என்று போட்டுவிடாதீர்கள். படிப்புக்குத் தேவையான அன்றாடச் செலவும் பயணச் சீட்டும் கல்விச் செலவில் சேரும் என்று நேரடி வரிகள் வாரியம் 2023 ஜூன் 30 தேதியிட்ட 10ஆம் எண் சுற்றறிக்கையில் சொல்லியிருக்கிறது.

உங்கள் ஊழியர்கள்மீது எனக்குக் கோபம் இல்லை. கவுண்டரில் இருந்த பெண் மன்னிப்புக் கேட்டுக் குறியீட்டை மாற்றித் தந்தார். தப்பாகிவிட்டால் கேள்வி தன்மேல் வரும் என்ற பயத்தில், கூட ஒரு தாளை வாங்கி வைப்பதுதான் பாதுகாப்பு என்று அவருக்குத் தோன்றியிருக்கும்.

ஆனால் அந்தத் தாளுக்காக நான் இழந்தது இரண்டு வேலை நாள். செவ்வாய் மதியம் அனுப்பிய பணம் வியாழக்கிழமைதான் போய்ச் சேர்ந்தது. மகள் பல்கலைக்கழகத்துக்கு எழுதி ஒரு நாள் அவகாசம் வாங்கினாள்.

நான் கேட்பது இவ்வளவுதான். அந்த செக்லிஸ்டைப் புதிதாக அச்சடியுங்கள். S0305 என்றால் 15சிஏவும் 15சிபியும் வேண்டாம் என்று அதிலேயே எழுதுங்கள். ஊழியர் யாராவது அதற்கு மேல் கேட்டால், எந்த விதியின்படி என்று எழுதித் தரச் சொல்லுங்கள். ஏ2வில் கையெழுத்து வாங்குமுன் குறியீட்டையும் டிசிஎஸ் தொகையையும் வாய்விட்டு வாசித்துக் காட்டச் சொல்லுங்கள்.

ஜனவரியில் இரண்டாம் தவணையோடு வருவேன். 10 லட்சம் வரம்பு ஏற்கெனவே தீர்ந்துவிட்டதால் இந்த முறை முதல் ரூபாயிலிருந்தே டிசிஎஸ் பிடிப்பீர்கள். அதற்கும் சேர்த்துத்தான் பணம் எடுத்து வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு மாணவியின் தந்தை